அப்சிந்தும் பிரமைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்சிந்த் என்ற மூலிகை மதுவைக் குடித்தால் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும் என்கிறார்களே, அது உண்மையா?

உண்மையில்லை. அப்சிந்தில் உள்ள எந்த மூலிகைப் பொருளும், அந்தப் பானத்தில் கிடைக்கும் அளவில், பிரமைகளை உண்டாக்கும் என்பதற்குச் சான்று கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரான்சில் அதை நாள்தோறும் குடித்துவந்த சிலர் இல்லாத உருவங்களைக் கண்டதும், இல்லாத குரல்களைக் கேட்டதும் உண்மைதான். ஆனால் அவர்களுக்கு ஏற்பட்டது, எந்தச் சாராயத்தையும் பல ஆண்டுகள் மிகுதியாகக் குடிப்பவர்களுக்கு ஏற்படும் அதே நோய். சாதாரண பிராந்தியைவிட வலிமையான ஒரு பானம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்தபோது அந்த நோய் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருகியது. பழி மட்டும் மூலிகையின் மேல் விழுந்தது.

அந்தப் பானத்தில் என்னதான் இருக்கிறது?

ஆர்ட்டிமிசியா அப்சிந்தியம் என்ற தாவரப் பெயர் கொண்ட, மிகவும் கசப்பான வோர்ம்வுட் செடியின் இலையும் பூந்தண்டும், ஆனிஸ் என்னும் பச்சைச் சோம்பும், பெருஞ்சீரகமும்தான் அதன் அடிப்படை. நம் பூக்கடைகளில் மல்லிகையோடு சேர்த்துக் கட்டும் மரிக்கொழுந்தும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் அதன் எண்ணெயின் சேர்மானம் வேறு.

சுவிட்சர்லாந்தின் வால்-த-திராவேர் பள்ளத்தாக்கில் பிறந்து, 1805-இல் எல்லைக்கு அப்பால் பிரான்சின் பொந்தார்லியே நகரில் பெர்னோ குடும்பத்தார் வடிசாலை தொடங்கிய பிறகு பெருந்தொழிலாக வளர்ந்த பானம் இது. பொந்தார்லியே முறை என்று அச்சில் வந்த பழைய செய்முறையின்படி, ஏறத்தாழ 100 லிட்டர் சரக்குக்கு 2.5 கிலோ உலர்ந்த வோர்ம்வுட், தலா 5 கிலோ சோம்பும் பெருஞ்சீரகமும், 85 சதவீத வலிமையுள்ள 95 லிட்டர் சாராயத்தில் ஊறவைக்கப்பட்டன. பிறகு தண்ணீர் சேர்த்து மறுபடி காய்ச்சி வடித்து, வடிந்ததில் சிறுவகை வோர்ம்வுட், ஈசோப்பு முதலிய இலைகளை ஊறப்போட்டுப் பச்சை நிறம் ஏற்றினார்கள்.

இந்தச் செய்முறையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, வோர்ம்வுட்டின் கடுங்கசப்பைத் தரும் அப்சிந்தின் என்ற பொருள் ஆவியாகாது. அது கொப்பரையிலேயே தங்கிவிடும். ஆகவே நன்றாக வடித்த அப்சிந்த் மெல்லிய கசப்போடுதான் இருக்கும், சோம்பு மணம்தான் மேலோங்கும். நாக்கைச் சுண்டவைக்கும் கசப்பு இருந்தால், அது வடித்ததன்று, சாராயத்தில் மூலிகையையோ அதன் சாரத்தையோ வெறுமனே கலந்தது என்று கொள்ளலாம். இரண்டாவது, மணத்தைத் தரும் எண்ணெய்கள் கரைந்தே இருக்கவும், இலையின் பச்சையம் கெடாமல் நிற்கவும் வலிமையான சாராயம் தேவை. அதனால்தான் நல்ல சரக்கு 65 முதல் 72 சதவீதம் வரையிலான வலிமையோடு பாட்டிலில் அடைக்கப்பட்டது. விஸ்கியும் பிராந்தியும் பெரும்பாலும் 40 சதவீத அளவில்தான் நிற்கின்றன என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

தூஜோன் என்ற பொருள்தான் காரணம் என்றும், அது கஞ்சாவைப் போல வேலை செய்யும் என்றும் படித்தேன். சரியா?

தூஜோன் வோர்ம்வுட் எண்ணெயில் உள்ள ஒரு நறுமணப் பொருள். சமையலுக்குப் பயன்படும் சேஜ் இலையிலும் அது உண்டு. 1975-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஒரு சிறு கட்டுரை, தூஜோன் மூலக்கூறின் வடிவத்துக்கும் கஞ்சாவின் போதைப்பொருளுக்கும் ஓர் ஒற்றுமை இருப்பதாகக் காட்டி, இரண்டும் மூளையில் ஒரே இடத்தில் வேலை செய்யக்கூடும் என்ற ஊகத்தை முன்வைத்தது. அது ஊகம் மட்டுமே. 1999-இல் அதை நேரடியாகச் சோதித்தபோது, மூளையில் கஞ்சாப் பொருள் பற்றும் ஏற்பிகள் என்ற இடங்களில் தூஜோன் மிகப் பலவீனமாகவே பற்றியது, அவற்றைத் தூண்டவும் இல்லை. ஊகம் பொய்யென்று தெரிந்து பல ஆண்டுகள் ஆகியும் அது இன்னும் சுற்றிக்கொண்டிருப்பது வருத்தத்துக்குரியது.

தூஜோன் உண்மையில் செய்வது என்ன என்பது 2000-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வகத்தில் தெளிவானது. மூளை நரம்புகளின் வேகத்தைக் கட்டுப்படுத்தி அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் ஏற்பியை அது அடைக்கிறது. கட்டுப்பாடு குறைந்தால் நரம்புகள் அளவுமீறித் துடிக்கும். எனவே மிகுதியான தூஜோன் தருவது வலிப்பு, பிரமை அல்ல. சாராயமோ அதே ஏற்பியின் வேலையைக் கூட்டுகிறது, அதாவது இரண்டும் எதிர்த் திசையில் இழுக்கின்றன. அந்த ஆய்வில் சாராயம் கொடுக்கப்பட்ட எலிகள் தூஜோனின் வலிப்பிலிருந்து காக்கப்பட்டன என்பது, அப்சிந்தின் கதையை அறிய விரும்பும் எவரும் மறக்கக்கூடாத செய்தி.

ஒரு கிளாசில் எவ்வளவு தூஜோன் வரும்? கணக்காகச் சொல்ல முடியுமா?

முடியும், அந்தக் கணக்கே இந்த விஷயத்தின் மையம். பிற்பாடு சுவிட்சர்லாந்தும் பிரான்சும் அப்சிந்துக்கு விதித்த தடைக்கு முந்தைய காலத்துப் பாட்டில்கள் சில மூடி திறக்கப்படாமல் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அவற்றில் 13 பாட்டில்களை ஜெர்மானிய வேதியியலாளர் டிர்க் லாகென்மையரும் அவருடைய குழுவினரும் பரிசோதித்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். லிட்டருக்கு அரை மில்லிகிராம் முதல் 48.3 மில்லிகிராம் வரை தூஜோன் இருந்தது. சராசரி ஏறத்தாழ 25 மில்லிகிராம்.

இப்போது ஒருவர் 68 சதவீத அப்சிந்தை 30 மில்லிலிட்டர் ஊற்றிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சராசரிப் பாட்டிலிலிருந்து அவருக்குக் கிடைக்கும் தூஜோன் 0.75 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிகிராம்கூட இல்லை. அதே கிளாசில் உள்ள தூய சாராயம் சுமார் 16 கிராம். எடைக்கு எடை பார்த்தால் இருபதாயிரம் மடங்குக்கும் மேல். ஐந்து கிளாஸ் குடித்தால் தூஜோன் நான்கு மில்லிகிராமைத் தொடாது, சாராயமோ 80 கிராமை எட்டிவிடும். அது பெரும்பாலானோரை நன்றாகத் தள்ளாட வைக்கும் அளவு.

கணக்கை மறுபக்கத்திலிருந்தும் போட்டுப் பார்க்கலாம். ஒரே இரவில் 100 மில்லிகிராம் தூஜோனை உடலில் ஏற்ற வேண்டுமென்றால் நான்கு லிட்டர் அப்சிந்தைக் குடிக்க வேண்டும். அதில் இரண்டு கிலோவுக்கும் மேற்பட்ட சாராயம் இருக்கும். ஒரு மனிதரைக் கொல்லத் தேவையான சாராயத்தைப் போல அது பல மடங்கு. தூஜோன் தன் வேலையைக் காட்டும் நிலைக்கு வருவதற்கு வெகு முன்பே சாராயம் ஆளை வீழ்த்திவிடும்.

பழைய அப்சிந்தில் லிட்டருக்கு 260 மில்லிகிராம் இருந்ததாகச் சில நூல்கள் சொல்கின்றனவே?

அந்த எண் எந்தப் பாட்டிலையும் திறந்து அளந்து பெற்றதன்று. பழைய செய்முறையில் எவ்வளவு மூலிகை போட்டார்கள் என்பதைப் பார்த்து, அந்த மூலிகையில் இவ்வளவு எண்ணெய் இருக்கும், எண்ணெயில் பெரும்பகுதி தூஜோனாக இருக்கும், அது முழுவதும் வடிதண்ணீரோடு பாட்டிலுக்கு வந்துவிடும் என்ற மூன்று அனுமானங்களை அடுக்கி, 1980-களின் பிற்பகுதியில் தாளில் போட்ட கணக்கு அது. மூன்றுமே ஆட்டங்காணக்கூடியவை. வோர்ம்வுட் வளரும் இடத்தைப் பொறுத்து அதன் எண்ணெயில் தூஜோன் மிகுதியாகவும் இருக்கும், அறவே இல்லாமலும் போகும். வடிக்கும்போது தூஜோனின் ஒரு பகுதி கடைசியாக வரும் வடிதண்ணீரில் வருகிறது, அதை வடிப்பவர் தனியே ஒதுக்கிவிடுவார்.

நூறாண்டுகளில் தூஜோன் சிதைந்து போயிருக்கலாமே என்ற நியாயமான ஐயம் ஒன்று உண்டு. லாகென்மையரின் குழு அதையும் சோதித்தது. புற ஊதா ஒளியில் வைத்தபோது நிறமற்ற கண்ணாடியில் தூஜோனின் ஒரு வகை ஓரளவு குறைந்தது. அப்சிந்தை அடைத்துவந்த பச்சைக் கண்ணாடியிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இருட்டறையில் கிடந்த பச்சைப் பாட்டிலில் 260 என்பது 25 ஆகக் குறைந்திருக்க வழியில்லை.

அன்றைய மருத்துவர்கள் விலங்குகளில் சோதித்துத்தானே அப்சிந்தைக் குற்றம் சொன்னார்கள்?

சோதித்தார்கள், ஆனால் அவர்கள் சோதித்தது அப்சிந்தை அல்ல. பாரிசின் சென்-தான் மனநல மருத்துவமனையில் பணியாற்றிய வாலந்தேன் மாஞ்ஞான் என்ற புகழ்பெற்ற மருத்துவர், குடியால் மனம் கெட்டு வந்த நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்தவர். அவர்களில் அப்சிந்த் குடித்தவர்களுக்கு மட்டும் தனியான ஒரு நோய் இருக்கிறது, திடீர் வலிப்பும் திடீர் வெறியும் அதன் அடையாளங்கள் என்று அவர் உறுதியாக நம்பினார். அந்த நோய்க்கு அப்சிந்திசம் என்ற பெயர் நிலைத்தது.

1869-இல் லண்டனின் 'லான்செட்' இதழ் வரை எட்டிய அவருடைய சோதனை இப்படி நடந்தது. ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு கினிப் பன்றியோடு ஒரு தட்டு தூய வோர்ம்வுட் எண்ணெயும், இன்னொரு கூண்டுக்குள் வேறொரு கினிப் பன்றியோடு ஒரு தட்டு சாராயமும் வைக்கப்பட்டன. சாராய ஆவியை முகர்ந்த விலங்கு முதலில் துள்ளி, பிறகு போதையில் தளர்ந்தது. எண்ணெயின் ஆவியை முகர்ந்தது வலிப்பு வந்து விழுந்தது. ஆகவே மூலிகையே குற்றவாளி என்று முடிவு கட்டப்பட்டது.

வலிப்பு வந்ததில் வியப்பில்லை; தூஜோன் செய்வது அதைத்தான் என்பது இன்று நமக்குத் தெரியும். பிழை அளவில் இருக்கிறது. பாட்டிலில் லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் மட்டுமே இருக்கும் ஒரு பொருளை, அது செறிந்து கிடக்கும் தூய எண்ணெயாகக் கொடுத்துவிட்டு, அந்த முடிவைப் பானத்தின் மேல் ஏற்றியிருக்கிறார். ஒரே விலங்குக்கு அப்சிந்தையும், அதே வலிமையுள்ள வெறுஞ்சாராயத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்து ஒப்பிட்டிருந்தால்தான் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்திருக்கும். மாஞ்ஞான் நோயாளிகள்மேல் உண்மையான அக்கறை கொண்ட மருத்துவர். ஆனால் ஒரு முழு நூற்றாண்டின் கருத்தை வடிவமைத்த சோதனை இவ்வளவு பலவீனமாக இருந்தது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

அப்படியானால் அந்த நோயாளிகள் கண்ட பிரமைகள் எங்கிருந்து வந்தன?

நீண்ட நாள் குடியிலிருந்தும், அந்தக் குடி திடீரென நின்றுபோவதிலிருந்தும் வந்தன. நாள்தோறும் சாராயம் மூளையை அமைதிப்படுத்திக்கொண்டே இருந்தால், மூளை அதற்கு ஈடுகொடுக்கத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. ஒரு நாள் சாராயம் நின்றதும் அந்தக் கூடுதல் வேகம் தடையின்றி வெளிப்படுகிறது. நிறுத்திய சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும்; முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம்; சிலருக்கு அறிவு தெளிவாக இருக்கும்போதே குரல்கள் கேட்கும். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் மிகக் கடுமையான நிலை வரக்கூடும்: காய்ச்சல், இடம் காலம் தெரியாத குழப்பம், சுவரில் பூச்சிகளும் சிறு விலங்குகளும் ஊர்வதைக் காணுதல். மருத்துவர்கள் இதை டெலிரியம் ட்ரெமன்ஸ் என்கிறார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரிழப்பு நேரும் நிலை அது.

இந்தப் பட்டியலை மாஞ்ஞானின் நோயாளிக் குறிப்புகளோடு வைத்துப் பார்த்தால் வலிப்பு, நடுக்கம், குரல்கள், உருவங்கள் என எல்லாமே இதற்குள் அடங்கிவிடுகின்றன. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவருக்குக் குடி சட்டென்று நின்றுவிடும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2008 ஆய்வும், பாட்டில்களில் இருந்தவற்றுள் சாராயத்தைத் தவிர வேறெதுவும் அப்சிந்திசத்தை விளக்கப் போதுமானதாக இல்லை என்றே முடித்தது.

உங்கள் வீட்டில் நெடுநாளாக மிகுதியாகக் குடிப்பவர் இருந்தால், அவரைத் திடீரென நிறுத்த வைக்காமல் மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்த வையுங்கள். இங்கே சொன்ன அடையாளங்கள் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சுவிட்சர்லாந்தில் ஒருவர் அப்சிந்த் குடித்துவிட்டுக் குடும்பத்தையே கொன்றாரே, அதற்கு என்ன விளக்கம்?

1905 ஆகஸ்ட் 28 அன்று வோ மாநிலத்தின் கொம்முஞ்ஞி ஊரில், ழான் லான்ஃப்ரே என்ற திராட்சைத் தோட்டத் தொழிலாளி, கருவுற்றிருந்த தன் மனைவியையும் இரண்டு சிறு மகள்களையும் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். தன்னையும் சுட்டுக்கொண்டு உயிர் பிழைத்தார். அன்று காலை அவர் இரண்டு கிளாஸ் அப்சிந்த் குடித்திருந்தார் என்ற செய்தி மட்டும் ஊரெங்கும் பரவியது.

அன்று அவர் குடித்த மற்றவற்றை அந்தச் செய்தி மறைத்துவிட்டது. அப்சிந்துக்குப் பிறகு புதினா மதுவும் காக்னாக்கும், மதிய உணவோடும் வேலைக்கு இடையிலும் கிளாஸ் கிளாஸாக வைனும், பிராந்தி கலந்த காபியும், வீடு திரும்பியதும் இன்னும் வைனும் குடித்திருக்கிறார். நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் வரை வைன் குடிப்பது அவருடைய வழக்கமாகச் சொல்லப்பட்டது. வைனின் வலிமையைப் பத்து சதவீதம் என்று குறைத்தே வைத்தாலும், ஐந்து லிட்டரில் கிட்டத்தட்ட 400 கிராம் சாராயம் சேர்கிறது. இரண்டு கிளாஸ் அப்சிந்தில் இருப்பது சுமார் 32 கிராம். அதிலுள்ள தூஜோன், இதுவரை அளந்த மிக அதிகமான பாட்டிலையே எடுத்துக்கொண்டாலும், மூன்று மில்லிகிராமுக்கு உள்ளேதான். அவர் உண்மையில் பல்லாண்டுகளாக வைனில் ஊறிய மனிதர்.

ஆயினும் 1906 பிப்ரவரியில் நடந்த விசாரணையில் மனநல மருத்துவர் ஒருவர் அதை அப்சிந்த் வெறி என்றே சாட்சி சொன்னார். முப்பதாண்டு சிறைத் தண்டனை பெற்ற லான்ஃப்ரே, சில நாட்களில் சிறையறையில் தூக்கிட்டு இறந்தார். தடை கோரிய மனுவில் அந்த மாநிலத்தில் மட்டும் 82,000 பேர் வரை கையெழுத்திட்டார்கள். 1908 ஜூலையில் நாடு தழுவிய வாக்கெடுப்பில் தடை வென்று 1910 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. வைனுக்கு எதிராக யாரும் மனு எழுதவில்லை. அது அந்த வட்டாரத்தின் வாழ்வாதாரம்.

பிரான்ஸ் ஏன் வைனை விட்டுவிட்டு இதை மட்டும் தடை செய்தது?

1860-களில் தொடங்கி ஃபிலொக்சேரா என்ற பூச்சி பிரான்சின் திராட்சைக் கொடிகளின் வேரை அரித்து அழித்தது. வைன் அருகி விலை ஏறியது. அந்த இடைவெளியில் பீட்ரூட்டிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுத்த மலிவான சாராயத்தில் செய்த அப்சிந்த் தொழிலாளர்களின் பானமாயிற்று. ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் ஊற்றினால் அது வைனின் வலிமைக்கு இறங்கிவிடும், ஆனால் வயிற்றெரிச்சலின்றி இனிப்பாக இறங்குவதால் பலர் கிளாசுக்கு மேல் கிளாஸ் குடித்தார்கள், சிலர் தண்ணீரைக் குறைத்தார்கள். கொடிகள் மீண்டு வைன் பெருகியபோது இழந்த வாடிக்கையாளர்களைத் திரும்பப் பெற விரும்பிய வைன் உற்பத்தியாளர்கள், மதுவிலக்கு இயக்கத்தாரோடு அப்சிந்துக்கு எதிராகக் கைகோத்தார்கள். வைன் உடலுக்கு உகந்த பானம் என்ற கருத்து அன்று மருத்துவர்களிடையேகூட இருந்தது. முதல் உலகப் போரின் நடுவே, 1915 மார்ச்சில், பிரான்சில் தடைச் சட்டம் நிறைவேறியது.

வான் கோ காதை அறுத்துக்கொண்டதற்கு அப்சிந்த் காரணமா?

அப்படிச் சொல்ல முடியாது. 1888 டிசம்பரில் ஆர்ல் நகரில் அது நடந்தபோது அவர் அப்சிந்த் மட்டுமன்றிப் பிற மதுக்களையும் குடித்துவந்தார், சரியாக உண்ணவில்லை. சிகிச்சையளித்தவர்கள் அவருக்கு ஒருவகை வலிப்பு நோய் இருப்பதாகக் கருதினார்கள். பிற்கால மருத்துவர்கள் பல நோய்ப் பெயர்களை முன்வைத்திருக்கிறார்கள். குடி அவருடைய நிலையை மோசமாக்கியிருக்கும், தனியாக ஒரு மூலிகை அதைச் செய்ததற்குச் சான்றில்லை.

கலப்படம் காரணமாக இருந்திருக்குமா?

ஓரளவு இருந்திருக்கும். மலிவுச் சரக்கில் பச்சை நிறத்துக்குச் செம்பு உப்பும், தண்ணீர் ஊற்றினால் பால் போலக் கலங்குவதற்கு ஆன்டிமனி உப்பும் சேர்த்ததாக அக்காலக் குறிப்புகள் உண்டு. இவை வயிற்றையும் ஈரலையும் கெடுக்கக்கூடியவை, ஆனால் பிரமை தருபவை அல்ல. சோதித்த 13 பாட்டில்களில் இவை நஞ்சாகும் அளவில் இல்லை. பத்திரப்படுத்தி வைக்கப்பட்டவை பெரும்பாலும் நல்ல வடிசாலைகளின் பாட்டில்களாகவே இருக்கும் என்பதால், ஏழைகள் குடித்த மட்டமான சரக்கைப் பற்றி இந்த ஆய்வு முழுமையாகச் சொல்லிவிடாது.

தூஜோன் அதிகம் என்று விளம்பரம் செய்து இப்போதும் விற்கிறார்களே, வேறு அனுபவம் கிடைக்குமா?

சுவிட்சர்லாந்து 2005-இலும், பிரான்ஸ் தன் பழைய சட்டத்தை 2011-இலும் விலக்கிக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் இவ்வகைச் சாராயத்தில் கிலோவுக்கு 35 மில்லிகிராம் வரை தூஜோன் அனுமதி. அமெரிக்காவில் தூஜோன் இல்லாதது என்று கருதப்படும் அளவுக்கு, அதாவது 10 மில்லிகிராமுக்கும் கீழே, இருந்தால் விற்கலாம்.

தூஜோனைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதை 2004-இல் ஜெர்மனியில் 25 ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் சோதித்தார்கள். வெறும் சாராயம், லிட்டருக்கு 10 மில்லிகிராம் தூஜோன் கலந்தது, 100 மில்லிகிராம் கலந்தது என மூன்று பானங்கள். மிக அதிகமான பானத்தைக் குடித்தவர்களுக்குக் கவனம் கூடுதலாகச் சிதறியது, சாராயம் வழக்கமாகத் தரும் பதற்றத் தணிவும் குறைந்தது. ஆகவே தூஜோனுக்கு விளைவே இல்லை என்று சொல்வது மிகை. ஆனால் அந்த விளைவு இதமற்ற ஒரு மந்தமே. விளம்பரம் உறுதியளிக்கும் காட்சிகள் அதில் இல்லை.

வோர்ம்வுட் எண்ணெயை வாங்கி மதுவில் கலந்துகொண்டால்?

செய்யவே கூடாது. மணத்துக்காக விற்கப்படும் எண்ணெயில் தூஜோன் பாட்டில் அப்சிந்தைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு செறிவாக இருக்கக்கூடும். 1997-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் பதிவான நிகழ்வில், இணையத்தில் அப்சிந்தைப் பற்றிப் படித்த 31 வயது ஆடவர் ஒருவர் அந்த எண்ணெயை வரவழைத்து ஏறத்தாழ 10 மில்லிலிட்டர் குடித்தார். சில மணி நேரத்தில் பிதற்றலும் பதற்றமுமாக இருந்த அவரை வீட்டார் கண்டார்கள். வலிப்பு வந்தது, தசைகள் சிதைந்து அந்தக் கழிவால் சிறுநீரகங்கள் செயலிழந்தன. மருத்துவமனையில் நாள்கணக்கில் வைத்துக் காப்பாற்றினார்கள். மாஞ்ஞானின் கினிப் பன்றிக்கு நேர்ந்தது இவருக்கும் நேர்ந்தது, ஏனெனில் இருவருக்கும் கிடைத்தது தூய எண்ணெய். யாராவது தவறி இதைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், எண்ணெய்ப் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.